கதவு சாத்துனதும் கத்துற மேனேஜர்: ஆறு வாரம், 23 மீட்டிங், ஒரு நோட்டு

முரளின்னு வச்சுக்குவோம், நிஜப் பேரு அது இல்ல. வயசு 33, தஞ்சாவூர் பக்கம், எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல சிங்கப்பூர் வந்து ஆறு வருஷம் ஆச்சு, ஜூரோங் ஈஸ்ட்ல ஒரு சரக்குக் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் சீனியர். நான் 13 வருஷம் எச்ஆர்ல இருந்துட்டு வெளிய வந்தவ, இப்பவும் தெரிஞ்சவங்க யாராச்சும் ஆபீஸ் பிரச்சனைன்னா என்கிட்ட அனுப்பி விடுவாங்க. அப்படித்தான் உட்லண்ட்ஸ்ல ஒரு கோப்பி கடையில வந்து உக்காந்தான். கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன், அடையாளம் தெரியிற விவரம் எல்லாம் மாத்தியிருக்கேன்.

"அக்கா, அவுட்லுக்ல அவரு பேர்ல ஒரு இன்வைட் வந்தாலே வயித்தக் கலக்குது"ன்னான். இது மூணு மாசமா நடக்குது.

அந்த மேனேஜர் வெளிய பாத்தா தங்கம். எல்லார் முன்னாடியும் இங்கிலீஷ்ல சாந்தமா பேசுவாரு, யாருக்காச்சும் பொறந்தநாள்னா அவரே கேக் வாங்கிட்டு வருவாரு, ரீஜினல் ஆபீஸோட பேசுற கால்ல டீமைப் புகழ்ந்துதான் பேசுவாரு. ஆனா ரூமுக்குள்ள கூப்பிட்டு கதவைச் சாத்துன நிமிஷம் இங்கிலீஷ் போயி தமிழ் வந்துரும். அந்த ஃப்ளோர்ல தமிழ் தெரிஞ்சவங்க இவங்க ரெண்டு பேர்தான், அதனால சுவத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டாலும் என்ன சொல்றாருன்னு எவனுக்கும் புரியாது. "மூளையக் கழட்டி வீட்ல வச்சுட்டு வந்தியா? உன்னைய எவன்யா வேலைக்கு எடுத்தான்?" இந்த ரகம். ஃபைலைத் தூக்கி மேசையில அடிக்கிறது, பேச விடாம மேல மேல ஏறுறது. முடிஞ்சதும் "சரி போ"ன்னுடுவாரு. மறுநாள் காலையில முரளி மேசையில பாலும் சக்கரையும் இல்லாத தே ஓ கொசோங் ஒண்ணு கட்டி வச்சிருக்கும், அவரே வாங்கிட்டு வந்தது.

அந்தத் தே ஓ தான் அவனை ரொம்பக் குழப்புச்சு. நல்லவரா கெட்டவரா, நமக்குத்தான் ஜாஸ்தியா தோணுதோ, நிஜமாவே நாம வேலை தெரியாதவனோ? சாட்சி இல்லாத எடத்துல வாங்குற திட்டுக்கு இந்தச் சந்தேகம் கூடவே வரும். பொது எடத்துல கத்துனா பக்கத்து சீட்டுக்காரன் "என்னடா இப்படிப் பேசுறாரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவான், அதுலயே பாதி பாரம் குறையும். மூடுன ரூம்ல அது கிடையாது. 2000ல பென்னட் டெப்பர் எழுதுன ஒரு ஆய்வுக்கு அப்புறம் மேனேஜர்களோட இந்த மாதிரி நடத்தைய ஒரு தனித் துறையாவே படிக்க ஆரம்பிச்சாங்க. அவரு சொன்னதுல எனக்கு முக்கியமாப் பட்டது, அடி உதை இதுல சேராது, திரும்பத் திரும்ப நடக்குற விரோதமான பேச்சும் முகபாவமுமே போதும்னதுதான். கை ஓங்கலையே, அப்ப பெருசா ஒண்ணும் இல்லன்னு முரளி தனக்குத்தானே சொல்லிட்டு இருந்தான்.

முதல் நாளு நான் அறிவுரை எதுவும் சொல்லல. அஞ்சு வெள்ளி குடுத்து ஒரு சின்ன நோட்டு வாங்கச் சொன்னேன், ஆபீஸ் லேப்டாப்ல எழுதாதன்னும் சொன்னேன். மேனேஜரோட தனியா உக்காருற ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஒரு வரி. தேதி, நேரம், எதைப் பத்தி. உள்ள போறதுக்கு முன்னாடி, இன்னைக்குக் கத்துவாருன்னு எவ்வளவு தோணுது, பத்துக்கு ஒரு நம்பர். வெளிய வந்ததும் என்ன நடந்துச்சு, கத்துனாருன்னா எத்தனை நிமிஷம். அவரு சொன்ன வார்த்தைய அப்படியே எழுதணும், "அசிங்கமாத் திட்டுனாரு"ன்னு எழுதக் கூடாது.

இதுல ஒண்ண மட்டும் அழுத்திச் சொன்னேன், நல்லபடியா முடிஞ்ச மீட்டிங்கையும் எழுதணும். யாருமே அதை எழுத மாட்டாங்க. கத்துன நாள மட்டும் எழுதி வச்சா நோட்டு முழுக்கக் கத்தலாத்தான் இருக்கும், மனசு மாதிரியே.

ஆறு வாரம் கழிச்சு அதே கோப்பி கடையில நோட்டைப் பிரிச்சோம். 23 மீட்டிங். கத்துனது 5. உள்ள போறதுக்கு முன்னாடி அவன் போட்ட நம்பரு பெரும்பாலும் 7, 8. சாதாரணமா லீவ் ஃபார்ம் சைன் வாங்கப் போன அன்னைக்கும் 7. அஞ்சு கத்தலோட நேரம் 4, 6, 11, 5, 7, கூட்டுனா 33 நிமிஷம். முரளி அதை ரெண்டு தடவை கூட்டிப் பாத்தான், அக்கவுண்டன்ட் இல்லையா. ஆறு வாரமும் தூக்கம் கெட்டதுக்கு மொத்தக் கணக்கு 33 நிமிஷமான்னு சிரிச்சான், பாதி அழுகையோட.

இதுக்குப் பின்னாடி ஒரு பழைய சங்கதி இருக்கு. 1968ல மார்ட்டின் செலிக்மன் எலிகளை வச்சு ஒரு சோதனை பண்ணாரு. ஒரு கூட்டத்துக்கு ஷாக் வர்றதுக்கு முன்னாடி ஒரு சிக்னல் வரும், இன்னொரு கூட்டத்துக்கு எந்த அறிவிப்பும் இல்லாம வரும். சிக்னல் வந்த எலிங்க அது வர்ற நேரம் மட்டும் ஒடுங்கும், மத்த நேரம் சாதாரணமா லீவரை அமுக்கிச் சாப்பாடு எடுக்கும். அறிவிப்பு இல்லாத எலிங்க லீவர் பக்கமே போகல, அந்தக் கூண்டுக்குள்ள இருக்குற நேரம் பூரா பயம்தான். எப்ப வரும்னு தெரிஞ்சா, எப்ப வராதுன்னும் தெரியும், அந்த "வராது"தான் மூச்சு விடுற எடம். முரளிக்கு எல்லா மீட்டிங்கும் பயமா இருந்தது அவன் கோழைங்குறதால இல்ல, எந்த மீட்டிங் ஆபத்து இல்லாததுன்னு அவனுக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல.

அதனால நோட்டுல சிக்னலைத் தேடுனோம். அஞ்சுல நாலு வியாழக்கிழமை. வியாழன் 3 மணிக்கு ரீஜினல் ஆபீஸோட கால், அது முடிஞ்சு நாலு நாலரைக்கு முரளியக் கூப்பிடுவாரு. ஆனா வியாழன் எல்லாமே கெட்ட வியாழன் இல்ல, ரெண்டு வியாழன் அமைதியாப் போயிருக்கு. என்ன வித்தியாசம்னு வரிக்கு வரி பாத்தோம். அந்த நாலு தடவையும் மேனேஜர் மேலிடத்துல ஒரு நம்பரைச் சொல்லிட்டாரு, அப்புறம் அது மாறிப் போச்சு.

உதாரணத்துக்கு 11 நிமிஷம் வாங்குன அன்னைக்கு நடந்தது இது. ஒரு கஸ்டமரோட கன்டெய்னர் போர்ட்ல ரொம்ப நாள் கெடந்துச்சு, அதுக்கு டெமரேஜ் பில் 18,400 வெள்ளி லேட்டா வந்துச்சு. மாசக் கணக்கு முடிக்கிறப்ப அந்தச் செலவை, பில் வராமலே உத்தேசமாக் கணக்குல ஏத்துற அக்ரூவலாப் போட்டு வைக்கல, ஏன்னா ஆபரேஷன்ஸ்ல இருந்து யாரும் சொல்லவே இல்ல. மேனேஜர் போன வாரமே அந்த மாச மார்ஜினை ரீஜினல்ல சொல்லிட்டாரு, இப்ப எல்லார் முன்னாடியும் "அந்த நம்பர் தப்பு"ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அங்க அவமானப்பட்டுட்டு வந்து இங்க கதவைச் சாத்துனாரு. அஞ்சாவது கத்தலுக்கு ஒரு காரணமும் கிடைக்கல, ஒரு திங்கக்கிழமை காலையில சும்மாவே, அது அவரு வீட்டு விஷயமா இருக்கலாம். எல்லாத்துக்கும் காரணம் கிடைச்சுரும்னு நெனைக்கக் கூடாதுன்னு அந்த ஒரு வரிய அடிக்கோடு போட்டு வச்சோம்.

முரளி அதுக்கப்புறம் வேலையில ஒண்ணே ஒண்ணு மாத்துனான். புதன்கிழமை சாயங்காலம் அனுப்புற ஷீட்ல ஒவ்வொரு நம்பர் பக்கத்துலயும் ஒரு கட்டம் சேத்தான், "உறுதி" இல்லன்னா "மாறலாம்", மாறலாம்னா எவ்வளவு வரைக்கும், யார்கிட்ட இருந்து பதில் வரணும். மேனேஜர் கால்ல உறுதியான நம்பரை மட்டும் சொல்ல ஆரம்பிச்சாரு. இதுக்கு எவனும் எவன் கால்லயும் விழல, எந்த நல்ல அக்கவுண்டன்ட்டும் பண்ற வேலைதான் இது. அதுக்காகக் கத்துனது முரளி தப்புன்னு ஆயிடாது. பில் லேட்டா வந்ததுக்கு ஒரு மனுஷனை மூளை இல்லாதவன்னு சொல்றது எந்தக் கணக்குலயும் சேராது, அது அவரு கணக்கு.

இங்க ஒரு குழி இருக்கு, முரளி அதுல விழுந்தான். சிக்னல் பாக்கலாம்னு சொன்னதும் எல்லாத்தையும் சிக்னலாப் பாக்க ஆரம்பிச்சுட்டான். லிஃப்ட்ல இருந்து அவரு நடந்து வர்ற சத்தம், பேன்ட்ரில குட் மார்னிங் சொல்ற தொனி, ரிசப்ஷன்ல இருக்குற மெலினா அக்காகிட்ட "பாஸ் மூட் இன்னைக்கு எப்படி"ன்னு மெசேஜ். அவங்க "ஓகே லா" சொன்னாத்தான் உள்ள போவான். ரெண்டு வாரத்துல நோட்டுல போடுற நம்பர் குறையுறதுக்குப் பதிலா 8, 9ன்னு ஏறுது. அது ஏறுனதுலதான் எங்களுக்கே தெரிஞ்சுது. மூட் பாத்துட்டுப் போயி நல்லபடியா முடிஞ்சா, மூட் பாத்ததாலதான் தப்பிச்சோம்னு மனசு கணக்குப் போட்டுக்கும், சும்மா போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு அதுக்கு எப்பவுமே தெரியாமப் போயிரும். அதனால மெலினா அக்காகிட்ட கேக்குறத நிறுத்தச் சொன்னேன். வியாழன் நாலு மணியும் மாறுன நம்பரும் மட்டும்தான் சிக்னல், மீதி எதையும் பாக்காம நேரா உள்ள போகணும், போயிட்டு வந்து எழுதணும். அதுக்கு அப்புறம் மூணு வாரத்துல லீவ் ஃபார்ம் மீட்டிங் எல்லாம் 3க்கு எறங்குச்சு. வியாழன் 7லயே நின்னுச்சு, அது நியாயமான 7.

சரி, அந்த நியாயமான 7 அன்னைக்கு ரூமுக்குள்ள என்ன பண்றது? முன்னாடி அவன் பண்ணது "சாரி சார், சாரி சார்"னு எட்டுப் பத்துத் தடவை. எண்ணிப் பாத்திருக்கான். அப்படி மொத்தமா மன்னிப்புக் கேட்டா எதுக்குக் கேக்குறோம்னே தெரியாம எல்லாத்தையும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். இப்ப அவன் பண்றது, பேனாவ எடுத்து நோட்டுல தேதி எழுதி, அவரு பேச்சுல வேலை சம்பந்தமா வர்றத மட்டும் எழுதுவான். டெமரேஜ், ரிவைஸ்டு மார்ஜின், ஆபரேஷன்ஸ் மெயில். மூளைய வீட்ல வச்சது அந்தப் பக்கத்துல வராது, அது சாயங்காலம் இன்னொரு நோட்டுக்கு. கைக்கு ஒரு வேலை இருந்தா முகம் தானா அடங்குதுன்னான். மூச்சுல நான் சொன்னது ஒண்ணுதான், இழுக்குறதை விட விடுறது நீளமா இருக்கட்டும், நாலு எண்ணி இழுத்தா ஆறு எண்ணி விடு, நெஞ்சுத் துடிப்பு எறங்குறது விடுற மூச்சுலதான். கத்துறவன் எதிர்ல பெருமூச்சு மாதிரித் தெரியக் கூடாது, மூக்கு வழியா.

நிறுத்தச் சொல்ற வாக்கியமும் ஒண்ணு தயார் பண்ணோம், முதல் தடவை அது ஊத்திக்கிச்சு. கத்தல் உச்சத்துல இருக்குறப்ப முரளி நடுங்குற குரல்ல "சார், நீங்க இப்படிப் பேசுறது சரியில்ல"ன்னு சொல்லிட்டான். "எனக்கே பாடம் எடுக்குறியா?"ன்னு இன்னும் ரெண்டு மடங்கு ஏறிட்டாரு. உக்காந்து யோசிச்சதுல ரெண்டு தப்பு தெரிஞ்சுது. சரி தப்புன்னு தீர்ப்பு சொன்னா அவரு வாதாட எறங்குவாரு. சொல்லிட்டு அங்கயே உக்காந்திருந்தா அந்த வார்த்தைக்கு மதிப்பு இல்ல. அடுத்த தடவைக்கு வேற மாதிரி மாத்துனோம். அவரு மூச்சு வாங்குற எடத்துல எந்திரிச்சு நின்னு, "சார், இந்த நம்பரை நான் சரி பண்ணணும். சத்தத்துல எனக்கு எதுவும் மண்டைல ஏறல. 4:40க்கு ரிவைஸ்டு ஷீட்டோட வரேன்." சொல்லிட்டு நோட்டை எடுத்துட்டு வெளிய. கதவைத் தொறந்தே விட்டுட்டுப் போகணும். 4:40க்குக் கண்டிப்பாத் திரும்பப் போகணும், இல்லாட்டி அது ஓடிப் போனதாத்தான் அவருக்கும் தோணும், இவனுக்கும் தோணும். கால் நடுங்குச்சாம், ஆனா போயிட்டான். 4:40க்கு உள்ள போனப்ப மேனேஜர் ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே "உக்காரு"ன்னாரு, அவ்வளவுதான்.

வெளிய வந்ததும் எல்லா தடவையும் ஒரு மெயில். திட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லாம, "இன்று 4:10க்குப் பேசியபடி பின்வரும் மூன்று வேலைகளை வெள்ளிக்குள் முடிக்கிறேன்"ங்குற மாதிரி இங்கிலீஷ்ல நாலு வரி. மூடுன ரூம்ல ஒரு மீட்டிங் நடந்துச்சு, இத்தனை மணிக்கு நடந்துச்சுன்னு ஆபீஸ் சர்வர்லயே பதிவாயிரும். அது எவ்வளவு உதவும்னு அப்ப எங்களுக்கே தெரியல.

வீட்டுக்குப் போறதுதான் இன்னொரு தொல்லை. முன்னாடி எம்ஆர்டில ஏறுனதுல இருந்து தூங்குற வரைக்கும் அதே ரூம்தான் மண்டைக்குள்ள ஓடும், பொண்டாட்டிகிட்ட அதையே ஒரு மணி நேரம் சொல்லுவான், அவ பாவம் "விட்டுத் தள்ளுங்க"ன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டா. நெனைக்காதன்னு சொன்னா நெனப்பு போகாது, அதனால அதுக்கு ஒரு எடம் குடுத்தோம். ஜூரோங் ஈஸ்ட்ல ஏறி புக்கிட் பாத்தோக், புக்கிட் கோம்பாக், சுவா சூ காங், இயூ டீ, கிராஞ்சி. கிராஞ்சி வரைக்கும் என்ன வேணா நெனைக்கலாம், மனசுக்குள்ள அவரைப் போட்டு வெளுக்கலாம், நோட்டுல எழுதலாம். கிராஞ்சில கதவு மூடுனதும் நோட்டு பைக்குள்ள. மார்சிலிங், உட்லண்ட்ஸ் ரெண்டு ஸ்டேஷனும் பொண்ணுக்கு என்ன வாங்கிட்டுப் போறதுங்குறதுக்கு. முதல் வாரம் கிராஞ்சி ரூல் சுத்தமா வேலை செய்யல, ஒரு நாள் யோசனையிலயே உட்லண்ட்ஸ் தாண்டி அட்மிரல்டி போயிட்டானாம். மூணாவது வாரம் ஓரளவு பழகிருச்சு.

மேனேஜர்கிட்ட நேரடியாப் பேசுனது ஒரு செவ்வாக்கிழமை காலை, நோட்டுல ஒரு செவ்வாய்கூடக் கத்தல் இல்லங்குறதால அந்த நாளு. "சார், வியாழக்கிழமை ரூம்ல நீங்க உன்னைய எவன் வேலைக்கு எடுத்தான்னு கேட்டீங்க. அதுக்கு அப்புறம் ரெண்டு நாள் உங்ககிட்ட சந்தேகம் கேக்கவே எனக்குத் தயக்கமா இருந்துச்சு, அதுல ஒரு ரீகன்சிலியேஷன் லேட்டாச்சு. தப்பு இருந்தா தப்ப மட்டும் சொல்லுங்க சார்." மேனேஜர், "நான் எங்கய்யா கத்துனேன், என் குரலே அப்படித்தான்"னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "மேல இருந்து என்னைய எப்படிப் போட்டு வாட்டுறாங்கன்னு உனக்குத் தெரியாது." மன்னிப்பெல்லாம் வரல. அடுத்த ரெண்டு மாசத்துல கத்தல் மூணு தடவை, எல்லாம் மூணு நிமிஷத்துக்குள்ள. இந்த அளவுல முடிஞ்சிருந்தா இதை ஒரு வெற்றின்னே எழுதியிருப்பேன்.

மூணாவது தடவை, "உன் பாஸைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவேன், பொண்டாட்டி புள்ளயோட மூட்டை கட்டு"ன்னுட்டாரு.

அன்னைக்கு ராத்திரியே எனக்கு போன். நான் சொன்னேன், முரளி, இதுக்கு மேல மூச்சுப் பயிற்சி, கிராஞ்சி எல்லாம் வேலைக்கு ஆகாது, இது வேற. வேலை தெரியலன்னு கத்துறதும் பொழப்பை வச்சு மிரட்டுறதும் ஒண்ணு இல்ல. எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேன்சல் ஆச்சுன்னா பொதுவா 30 நாளுக்கு ஒரு விசிட் பாஸ் குடுப்பாங்க, அதுக்குள்ள வேற வேலையோ டிக்கெட்டோ. அந்த 30 நாளை நெனச்சுத்தான் ஊர்ல இருந்து வந்த ஆளுங்க பாதிப் பேர் எதையும் சகிச்சுக்கிட்டு இருக்காங்க.

2014ல வந்த தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் மிரட்டலான, இழிவான பேச்சையும் சேத்துத்தான் பேசுது, ஆபீஸ் ரூமுக்குள்ள நடந்தாலும் அது பொருந்தும். வேலையிடத் தொல்லையக் கம்பெனிங்க எப்படிக் கையாளணும்னு முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு 2015ல இருந்தே இருக்கு. கம்பெனிக்குள்ள முதல்ல எச்ஆர், அங்க கண்டுக்கலன்னா வேலையிடத்துல நியாயமா நடத்துறாங்களான்னு பாக்குற டஃபெப். அநியாயமா வேலைய விட்டு எடுத்துட்டா கடைசி வேலை நாள்ல இருந்து ஒரு மாசத்துக்குள்ள வேலைத் தகராறுகளைக் கேக்குற டாட்எம்கிட்ட போகணும், இந்த ஒரு மாசத்தை நெறைய பேர் அழுதுக்கிட்டே தவற விட்டுடறாங்க.

எச்ஆருக்கு அவன் குடுத்தது ரெண்டு பக்கம். தேதி, மணி, எந்த ரூம், என்ன வார்த்தை, தமிழ்ல அப்படியே, பக்கத்துல இங்கிலீஷ்ல அர்த்தம். ஒவ்வொண்ணுக்கும் அன்னைக்கு அனுப்புன மெயிலோட நேரம். "அவரு ஒரு டாக்சிக்"ங்குற மாதிரி ஒரு வார்த்தையும் இல்ல, இருந்ததை நான் அடிச்சு எடுத்துட்டேன். 13 வருஷம் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்தவ சொல்றேன், குணத்தைப் பத்தி எழுதுன புகார் அலமாரிக்குப் போகும், தேதியும் வார்த்தையும் உள்ள புகாருக்கு பதில் எழுதியே ஆகணும். மேனேஜர் முதல்ல அப்படி ஒரு மீட்டிங்கே நடக்கலன்னாராம். 4:10 மெயில் இருந்துச்சு.

தீர்ப்பு ஒண்ணும் சினிமா மாதிரி வரல. அவருக்கு எழுத்துல ஒரு எச்சரிக்கை குடுத்ததா வாய்மொழியாச் சொன்னாங்க, முரளி அந்தக் காகிதத்தைப் பாக்கல. வியாழக்கிழமை ரிவ்யூவுல மூணாவது ஆளா ஆபரேஷன்ஸ் லீட் உக்காருறாங்க, அதனால பேச்சு இங்கிலீஷ்லயே நடக்குது. பாஸ் விஷயத்தை மேனேஜர் தனியா முடிவு பண்ண முடியாதுன்னு எச்ஆர் ஒரு மெயில் போட்டுச்சு, அதை மட்டும் பிரிண்ட் எடுத்து வீட்ல வச்சிருக்கான்.

போன வாரம் பாத்தப்ப நோட்டு எழுதுறத விட்டுட்டேன்னான். வேற ரெண்டு எடத்துல இன்டர்வியூ போயிட்டு இருக்கான். மேசையில தே ஓ இப்ப வர்றது இல்லையாம், அவனே கீழ போயி வாங்கிக்கிறான், சக்கரை போட்டு.